பதிவேட்டில் சரிபார்க்கக்கூடிய வரிகளை மட்டும் எழுதுங்கள்
எச்.ஆர். பிரிவுக்குக் குறை மனு எழுதுவது எப்படி?

(கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே நல்லூரில் பணியாளர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிஞ்சு நேரா இங்கே வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறேன்.

இங்கே இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போய் வர்றவங்க. மீதிப் பேர் வீட்டுல பையனோ பொண்ணோ ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர்னு ஏதோ ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. எந்த இடமா இருந்தாலும் வேலையிடத்துக் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். சம்பளத்துல ஏதோ குறையுது. சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்றோம். "பார்க்கலாம்"ங்கிறார். ரெண்டு மாசம் போகுது. ஒரு நாள் கோபத்துல வாட்ஸ்அப் குழுவுல நாலு வரி போட்டுடுறோம். அன்னையிலிருந்து பேச்சு நம்ம குறையைப் பத்தி இருக்காது, நாம போட்ட அந்த நாலு வரியைப் பத்தித்தான் இருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கு. எச்.ஆர். பிரிவுக்கு எழுதும் மனுவில், அவர்கள் தங்களிடம் இருக்கும் பதிவேட்டை எடுத்துப் பார்த்து "ஆமாம்" அல்லது "இல்லை" என்று சொல்லக்கூடிய வரிகளை மட்டும் எழுதுவது. இன்று நான் சொல்லப் போவது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு ஓவர்டைம் கணக்கு

ஒரு பீங்கான் தொழிற்சாலையில் கிளேஸிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். சூளைக்குப் போவதற்கு முன் பொருளுக்கு மேல்பூச்சு கொடுக்கும் பிரிவு அது. அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்த்து மாதம் ரூ.13,000. காலை 8.30 முதல் மாலை 5 வரை வேலை, இடையில் அரை மணி நேரம் சாப்பாடு. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், ஆக 48 மணி நேரம்.

ஜூலை மாதம் ஆர்டர் அவசரம். 12 நாட்கள் மாலை 5 முதல் 7 வரை கூடுதலாக இருந்தார். மொத்தம் 24 மணி நேரம். ஆகஸ்ட் 7-ஆம் தேதி வந்த சம்பளச் சீட்டில் "ஓவர்டைம் 20 மணி, ரூ.1,250" என்று இருக்கிறது.

அவருக்கு வரும் முதல் கோபத்தை அப்படியே எழுதினால் இப்படி இருக்கும்: "எப்பவும் இப்படித்தான் பண்றீங்க. உழைப்பைச் சுரண்டுறீங்க. ஓ.டி. பணத்தை ஒழுங்காவே தர்றதில்லை. கேட்டா மரியாதை இல்லாம பேசுறாங்க."

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எச்.ஆர். மேசையில் இருப்பவர் இதை வைத்துக்கொண்டு எந்தப் பதிவேட்டைத் திறப்பார்? "எப்பவும்" என்றால் எந்த மாதம்? "ஒழுங்காக" என்றால் எத்தனை ரூபாய்? அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. "சுரண்டல் என்று எழுதியது தவறு" என்று பதில் எழுத மட்டும் முடியும். நாமே அவருக்கு ஒரு சுலபமான பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

சரி, கணக்கைப் போடுவோம். ரூ.13,000-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் ரூ.500. அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு ரூ.62.50. சீட்டில் 20 மணிக்கு ரூ.1,250 கொடுத்திருக்கிறார்கள். அதாவது சாதாரண விகிதத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு விகிதம் தர வேண்டும் என்பது சட்டம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, இப்போதைய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளிலும் அப்படித்தான் இருக்கிறது. இரட்டிப்பு என்றால் மணிக்கு ரூ.125.

இங்கே ஒரு முக்கியமான வேலை இருக்கு. அந்த அக்காவுக்கு இருப்பது ஒரு குறை இல்லை, இரண்டு. முதலாவது விகிதம். 20 மணி நேரம் வேலை செய்தார் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு 20 × 125 = ரூ.2,500 வர வேண்டும், வந்தது ரூ.1,250, குறைவு ரூ.1,250. இரண்டாவது மணிக்கணக்கு. அவர் நோட்டில் 24 மணி, சீட்டில் 20 மணி. விடுபட்ட 4 மணிக்கு ரூ.500. மொத்தம் ரூ.1,750.

இந்த இரண்டையும் ஏன் பிரிக்கணும்? முதல் குறையில் தகராறுக்கு இடமே இல்லை. மணிக்கணக்கு அவர்களே எழுதியது, விகிதம் சட்டம் சொல்வது. இரண்டாவதில் "நீங்க அன்னைக்கு இருந்தீங்களா" என்ற கேள்வி வரும். ரெண்டையும் சேர்த்து "ரூ.1,750 பாக்கி" என்று மட்டும் எழுதினால், அந்த 4 மணி நேரத்துக்கு நடக்கும் தகராறில் மொத்தப் பணமும் மாட்டிக்கொள்ளும். பிரித்து எழுதினால் முதல் ரூ.1,250 தனியாக நகரும்.

மனு இப்படி இருக்கலாம்

அனுப்புநர்: பெயர், பணியாளர் எண், கிளேஸிங் பிரிவு
பெறுநர்: மனிதவள மேலாளர், நிறுவனத்தின் பெயர், முகவரி
நாள்: ஆகஸ்ட் 10
பொருள்: ஜூலை மாத ஓவர்டைம் தொகையில் ரூ.1,750 வேறுபாடு – சரிபார்த்து வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

1. நான் கிளேஸிங் பிரிவில் பணிபுரிகிறேன். அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்த்து மாதம் ரூ.13,000 பெறுகிறேன். என் பணி நேரம் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை, வாரத்தில் 6 நாட்கள்.

2. ஜூலை மாதத்தில் 12 நாட்கள் மாலை 5.00 முதல் 7.00 வரை கூடுதலாகப் பணிபுரிந்தேன். மொத்தம் 24 மணி நேரம். தேதிகள் இணைப்பு 1-இல் உள்ளன. அந்த மாதத்தில் நான் விடுப்பு எடுக்கவில்லை.

3. ஆகஸ்ட் 7 அன்று பெற்ற சம்பளச் சீட்டில் ஓவர்டைம் 20 மணி நேரம், ரூ.1,250 என உள்ளது. நகல் இணைப்பு 2.

4. இந்த 20 மணி நேரத்துக்கு மணிக்கு ரூ.62.50 வீதம் வழங்கப்பட்டுள்ளது. இரட்டிப்பு விகிதமான ரூ.125 வீதம் ரூ.2,500 வர வேண்டும். வேறுபாடு ரூ.1,250.

5. ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களின் 4 மணி நேரம் சீட்டில் சேரவில்லை. அந்த இரு நாட்களும் 7 மணி வரை இருக்கும்படி பிரிவு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியின் நகல் இணைப்பு 3. இதற்கான தொகை ரூ.500.

6. வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, வேறுபாட்டுத் தொகையை அடுத்த மாதச் சம்பளத்துடன் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் ஒரு பகுதி ஏற்கப்படவில்லை எனில், காரணத்தை ஆகஸ்ட் 25-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கையொப்பம்

அவ்வளவுதான். ஒரு பக்கம். இதில் யாரையும் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு பத்தியையும் மஸ்டர் ரோலோ சம்பளப் பதிவேடோ எடுத்து வைத்துச் சரிபார்த்துவிடலாம். ஆறாவது பத்தியில் இரண்டு விஷயம் இருப்பதைப் பாருங்க. என்ன வேண்டும் என்பது ஒன்று. இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்பது இன்னொன்று. பின்னாடி இந்த விஷயம் வேறு ஒரு மேசைக்குப் போக நேர்ந்தால், அந்த எழுத்துப் பதில்தான் பேசும்.

ஒரு எச்சரிக்கை. வாரத்தின் நடுவில் விடுப்போ பண்டிகை விடுமுறையோ வந்திருந்தால் அந்த வாரத்தின் மொத்த மணி நேரம் குறையும், ஓவர்டைம் கணக்கும் மாறலாம். அப்படிப்பட்ட வாரத்தை இணைப்பில் தனி வரியாகக் காட்டுங்கள். ஒரு வாரக் கணக்கு தப்பாகப் போனால் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள்.

அளக்கக்கூடிய கோரிக்கை

சம்பளம் இல்லாத குறைகளுக்கும் இதே முறைதான். நம்ம பகுதிக்குத் தெரிஞ்ச ஒண்ணு, தூசி. பீங்கான் மாவில் இருக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தைக்கூட "தூசி தாங்க முடியலை, எங்க உயிரைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை" என்று எழுதினால் பதில் "கவனிக்கிறோம்" என்றுதான் வரும்.

"பிசிறு தேய்க்கும் மேசைக்கு மேலே உள்ள உறிஞ்சு விசிறி ஜூன் 3 முதல் ஓடவில்லை. முகக்கவசம் கடைசியாக மே 20 அன்று வழங்கப்பட்டது. விசிறி பழுது நீக்கப்படும் தேதியைத் தெரிவிக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். விசிறி ஓடுகிறதா இல்லையா என்பதை யாரும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். முகக்கவசம் கொடுத்ததற்கு ஸ்டோரில் பதிவு இருக்கும்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த முறை இல்லை. 1918-இல் சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முன்வைத்த தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று, 30 நிமிடமாக இருந்த மதிய இடைவேளையை 40 நிமிடமாக்க வேண்டும் என்பது. வெறும் 10 நிமிடம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தே கொடுத்தார்களா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய கோரிக்கை.

மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்ற குறையையும் இப்படியே எழுதலாம். "சூப்பர்வைசர் ரொம்ப மோசம்" என்பது நம் கருத்து. "ஜூலை 22 மாலை 5.10-க்குக் கிளேஸிங் பிரிவில், ஓவர்டைம் பற்றிக் கேட்டபோது இன்ன சொற்களைச் சொன்னார், அப்போது இன்னார் இருவர் உடன் இருந்தார்கள்" என்பது தகவல். சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளாக எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தாலும் மாற்ற வேண்டாம். உடன் இருந்தவர்களின் பெயரை எழுதும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாலியல் தொல்லையாக இருந்தால் மட்டும் பாதை வேறு. அது சாதாரண எச்.ஆர். மனு இல்லை. 2013-ஆம் ஆண்டு சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அந்தக் குழுவுக்கு எழுத வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம்.

கைபேசியில் சேர்த்து வைக்க வேண்டியவை

மனு எழுத உட்காரும்போது தேதி ஞாபகம் வராது. அதனால் ஓவர்டைம் பார்த்த அன்று இரவே கைபேசி நோட்ஸில் ஒரு வரி போட்டு வையுங்கள்: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இருக்கச் சொன்னவர். சம்பளச் சீட்டை வாங்கியதும் ஒரு போட்டோ. "இன்னைக்கு 7 மணி வரை இருங்க" என்று குழுவில் வரும் செய்தி அழிக்கப்படலாம், அதனால் தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பி.எஃப். சம்பந்தமான குறை என்றால் உமங் செயலியில் பாஸ்புக்கை எடுத்து, சம்பளச் சீட்டில் பிடித்த தொகை அதில் வரவாகியிருக்கிறதா என்று மாதவாரியாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பதிவேட்டை ரகசியமாகப் போட்டோ எடுக்க வேண்டாம். அப்புறம் விசாரணை உங்க மேலே திரும்பும். மனுவில் "வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு" என்று எழுதினாலே அதை எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை அவர்களுடையது ஆகிவிடும்.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

சிறிய பட்டறைகளில் எச்.ஆர். என்று தனியாக ஆள் இருக்க மாட்டார். அங்கே உரிமையாளர் பெயருக்கே எழுதுங்கள். கணக்குப் பிள்ளையிடம் கொடுத்தாலும் பெறுநர் உரிமையாளராகவே இருக்கட்டும். கான்ட்ராக்ட்டில் வேலை செய்பவர்கள் ஒப்பந்ததாரருக்கு எழுதி, நகலை முதன்மை நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்த நகல் போகாவிட்டால் "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து, சீல் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே நின்று வாக்குவாதம் வேண்டாம். அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதில் உள்ள எண்ணை வைத்து டிராக் செய்து, "டெலிவரி ஆனது" என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எச்.ஆர். பிரிவுக்கு அலுவல் மின்னஞ்சல் இருந்தால் பி.டி.எஃப். ஆக்கி அதிலும் அனுப்பலாம்.

பிறகு ஃபோனில் கூப்பிட்டு "அடுத்த மாசம் போட்டுடுறோம்" என்பார்கள். நல்லது, நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு அன்றே ஒரு மெயில்: "இன்று காலை 11 மணிக்குத் தொலைபேசியில் பேசியபடி, வேறுபாட்டுத் தொகை செப்டம்பர் சம்பளத்துடன் வழங்கப்படும் எனத் தெரிவித்தீர்கள். நன்றி." இரண்டே வரி. வாயால் சொன்னது இப்போது எழுத்துக்கு வந்துவிட்டது.

ரூ.1,250 மட்டும் கொடுத்துவிட்டு, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு பாக்கி இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கலாம். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துக்கு மேலே "மனுவின் 4-ஆம் பத்திக்கான தொகை மட்டும்" என்று எழுதிப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால், என்ன நடந்தது என்பதை அன்றே மெயிலில் பதிவு செய்துவிடுங்கள். வெற்றுத் தாளில் எந்தச் சூழ்நிலையிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பதில் வராவிட்டால்

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 இதைச் சொல்கிறது. குழுவில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், மொத்தம் 10 பேருக்கு மேல் போகக்கூடாது. குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனு கிடைத்த 30 நாளில் குழு விசாரணையை முடிக்கலாம் என்கிறது சட்டம். முடிவு திருப்தி இல்லை என்றாலோ, முடிவே வரவில்லை என்றாலோ, அடுத்த 60 நாளுக்குள் நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் மூலம் சமரச அலுவலரிடம் போகலாம்.

கவனிச்சீங்களா? ஓராண்டு, 30 நாள், 60 நாள். எல்லாமே தேதியிலிருந்து எண்ணப்படுவது. சீல் போட்ட அந்தப் பிரதி இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றே தெரியாது.

குழுவோ சங்கமோ இல்லாத இடத்தில், சம்பளக் குறைகளுக்குத் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகத்தையும், தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய குறைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் அணுகலாம். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பார்கள்: "கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தீங்களா? நகல் இருக்கா?"

நல்ல மனு எழுதினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 4 மணி நேரத்தை நிறுவனம் கடைசிவரை மறுக்கலாம். மனு கொடுத்தவரை வேறு பிரிவுக்கு மாற்றவும் கூடும். அப்படி நடந்தால் மாற்றிய தேதி, உத்தரவு வாய்மொழியா எழுத்தா, மனு கொடுத்து எத்தனை நாளில் நடந்தது என்பதை அதே முறையில் எழுதி வையுங்கள். அடுத்த மனுவின் முதல் பத்தி அதுதான்.

இப்போ ஒரு வேலை. உங்க கைபேசியில போன மாச சம்பளச் சீட்டு இருந்தா எடுங்க. ஓ.டி. தொகையை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்க. வர்ற எண் உங்க ஒரு மணிச் சம்பளத்துக்கு ரெண்டு மடங்கா இருக்கான்னு பாருங்க. கணக்கு இடிக்கிறவங்க, சீட்டோட முன்னாடி வாங்க. நாம உட்கார்ந்து மனுவோட முதல் மூணு பத்தியை இங்கேயே எழுதிடலாம்.